பலகையில் உள்ள எழுத்தெல்லாம் மொழிபெயர்க்கவா?

மின்சுற்றுப் பலகையின் படத்தைக் கொடுத்து, "இதைத் தமிழில் விளக்குக" என்று பயிற்சி வைத்தால், கண்ணில் படும் எழுத்தையெல்லாம் தமிழாக்கத் தொடங்கிவிடுகிறோம். என் வகுப்பு மாணவி ஒருவர் Arduino Uno பலகையின் படத்தைப் பார்த்து, "இப்பலகை 25 வோல்ட் மின்சாரம் தருகிறது" என்று எழுதினார். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனா தகவல் தப்பு. அந்தப் பலகையின் மின்சார முனைகள் தருவது 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்தான்.

அந்த 25V எங்கிருந்து வந்தது? படத்தில் ஓர் உருளை வடிவ மின்தேக்கியின் தலையில் 47, 25V என்று இருந்தது. அது மின்தேக்கியைச் செய்தவர் அச்சிட்டது. அதன் கொள்ளளவு 47 மைக்ரோஃபாரட், அது 25 வோல்ட் வரை தாங்கும் என்று பொருள். ஓரத்து முனை அருகே உள்ள 5V பலகையின் சொந்தக் குறிப்பு. இங்கே 5 வோல்ட் எடுக்கலாம் என்கிறது. எழுத்து அதே V, அச்சிட்ட இடம்தான் வேறு.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: எழுத்து பலகை மேல் இருக்கிறதா, பாகத்தின் மேல் இருக்கிறதா? பலகையில் வெள்ளை மையில் உள்ள RESET, GND, ANALOG IN போன்றவை பயனருக்கான பெயர்க்குறிப்புகள். இவற்றைத் தமிழாக்கலாம். ஆனால் மூலக் குறியை விட்டுவிடாதீங்க. "RESET என்று குறிக்கப்பட்ட மறுதொடக்கப் பொத்தான்" என்று எழுதினால்தான் பலகையைக் கையில் வைத்திருப்பவர் அதைத் தேடிப் பிடிக்க முடியும். கறுப்புச் சில்லின் மேல் உள்ள ATMEGA328P-PU பாகக் குறியீடு. அதை எழுத்து மாறாமல் அப்படியே எழுத வேண்டும்.

கொஞ்சம் குழப்புவது பலகை மேலேயே அச்சாகும் R7, C4 போன்றவை. R மின்தடையாக்கி, C மின்தேக்கி; எண் வெறும் இருக்கை எண் மாதிரி. "R7 மின்தடையாக்கி" என்றால் போதும். Uno பலகையில் தனியாக L என்று ஒன்று இருக்கும். மின்தூண்டியைக் குறிக்கும் எழுத்தும் L என்பதால், விஷயம் தெரிந்தவர்கூட இங்கே ஏமாறலாம். ஆனால் பக்கத்தில் எண் இல்லை, ஒரு சின்ன விளக்குதான் இருக்கிறது. 13ஆம் முனையோடு இணைந்த அந்த விளக்கின் பெயர்தான் L.

மின்தடையாக்கி மேல் 103 என்று இருந்தால் 'நூற்று மூன்று' என்று வாசிக்காதீங்க. 10, அதன் பின் மூன்று சுழியம்: 10,000 ஓம். படம் மங்கலாக இருந்தால் 8உம் Bயும், 0உம் Oவும் ஒன்றாகத் தெரியும். பாகக் குறியீட்டில் ஓர் எழுத்து மாறினால் வேறு பாகமாகிவிடும். அங்கே ஊகிக்காமல் "படத்தில் தெளிவில்லை" என்று எழுதுங்கள்.

அந்த மாணவி திருத்தி எழுதியது: "5V முனையிலிருந்து 5 வோல்ட் கிடைக்கும். பலகையில் உள்ள மின்தேக்கி 25 வோல்ட் வரை தாங்கும்."