எலி நிற வெல்வெட்டும் முப்பது ஷில்லிங் தங்கக் காசும்

1605ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி. லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள மார்ட்லேக் என்ற ஊரில் ஒரு நடிகர் நோயில் படுத்திருந்தார். பெயர் அகஸ்டின் பிலிப்ஸ். பத்தாண்டுக்கு மேலாக ஒரே குழுவில் நடித்தவர். இனி மேடை ஏறப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்று அவர் எழுதிவைத்த உயில்தான், தன் குழுவுக்கு அவர் சொன்ன விடை. ஒன்பது நாள் கழித்து, மே 13ஆம் தேதி, அந்த உயில் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்குள் அவர் இறந்துவிட்டிருந்தார்.

அந்தக் குழு சாதாரணமானதல்ல. 1594இல் சேம்பர்லின் பிரபுவின் குழுவாக உருவாகி, 1603இல் புதிய மன்னர் முதலாம் ஜேம்ஸின் பெயரைத் தாங்கி 'மன்னரின் நடிகர்கள்' என்று ஆனது. குழுவுக்கு நாடகம் எழுதியவர் வில்லியம் ஷேக்ஸ்பியர். உயிலில் அவர் பெயரும் வருகிறது என்பதால்தான் ஆய்வாளர்கள் இந்தத் தாளைத் தேடிப் படித்தார்கள். ஆனால் ஷேக்ஸ்பியரைத் தள்ளிவைத்துவிட்டுப் படித்தாலும் இது அருமையான ஆவணம். ஒரு நாடகக் குழுவுக்குள் யாருக்கு யார் என்ன உறவு என்பதை, போகிற மனிதர் ஒருவர் ரூபாய் அணா கணக்கோடு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

முதலில் அந்தக் குழு எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். உள்ளே மூன்று அடுக்குகள். மேலே பங்கு வைத்திருந்த நடிகர்கள். உடை, நாடகப் பிரதிகள், மேடைப் பொருள்கள் எல்லாம் அவர்களுடைய பொதுச் சொத்து. வசூலைப் பிரித்துக்கொள்பவர்களும் அவர்களே. அடுத்து கூலி நடிகர்கள். இவர்களுக்கு வாரச் சம்பளம் மட்டும், அதுவும் பெரும்பாலும் பத்து ஷில்லிங்குக்குக் கீழே. கடைசியில் பயிற்சிப் பையன்கள். பெண்கள் மேடையேறாத காலம் என்பதால் ஜூலியட் முதல் பெண் வேடமெல்லாம் இந்தப் பையன்களுக்குத்தான். ஒவ்வொரு பையனும் ஒரு நடிகரிடம் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து, அவரிடம் தொழில் கற்பான்.

பங்குக்காரர்கள் ஒருவரை ஒருவர் 'ஃபெல்லோ' என்று அழைத்தார்கள். இன்று அந்த ஆங்கிலச் சொல் 'ஆள்' என்கிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அதன் வேர் பழைய நோர்ஸ் மொழியில் இருக்கிறது. கூட்டுத் தொழிலில் பணம் போட்டவன் என்பது மூலப்பொருள். நம்மிடம் அதற்குச் சரியான சொல் இருக்கிறது: பங்காளி. சொத்தில் பங்கு உள்ளவன், அதனாலேயே சாவு வாழ்வில் பங்கு உள்ளவன். பிலிப்ஸின் உயிலைப் படிக்க இந்த ஒரு சொல் போதும்.

பிலிப்ஸ் அந்தக் குழுவில் சின்ன ஆள் இல்லை. 1599இல் குளோப் அரங்கம் கட்டியபோது பர்பேஜ் சகோதரர்கள் பாதி வைத்துக்கொள்ள, மீதிப் பாதியை ஐந்து நடிகர்கள் பகிர்ந்துகொண்டார்கள். ஷேக்ஸ்பியர் அதில் ஒருவர், பிலிப்ஸ் இன்னொருவர். நாடகம் முடிந்தபின் ஆடிப் பாடும் குறும்பான துண்டு நாடகம் ஒன்றும் அவர் பெயரில் 1595இல் பதிவாகியிருக்கிறது. எசெக்ஸ் பிரபு 1601 பிப்ரவரியில் எலிசபெத் அரசிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார். அதற்கு முந்தைய நாள் அவருடைய ஆட்கள் கேட்டதால், மன்னர் ஒருவர் பதவியிழக்கும் நாடகத்தை இந்தக் குழு நடித்திருந்தது. கிளர்ச்சி தோற்றது. விசாரணையில் குழுவின் சார்பாகச் சாட்சி சொன்னவர் பிலிப்ஸ். பழைய நாடகம், கூட்டம் வராது என்று தாங்கள் சொன்னதாகவும், வழக்கமான தொகைக்கு மேல் 40 ஷில்லிங் தருகிறோம் என்றதால் நடித்ததாகவும் அவர் சொன்னார். குழுவுக்குத் தண்டனை எதுவும் இல்லை. ஆபத்தான நேரத்தில் எல்லோருக்குமாகப் பேசப் போனவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உயிலுக்கு வருவோம்.

மனைவி, மகள்கள், உறவினர்கள், மார்ட்லேக்கின் ஏழைகள் ஆகியோருக்கு எழுதியபின் குழுவுக்கு வருகிறார். அங்கே அவர் முதலில் நினைப்பது புகழ்பெற்றவர்களை இல்லை, கூலி நடிகர்களை. தான் இறக்கும் நாளில் குழுவில் யார் யார் கூலிக்கு இருக்கிறார்களோ, அவர்களுக்கு ஐந்து பவுண்டு சமமாகப் பிரித்துத் தரப்பட வேண்டும். பெயர்கள் இல்லை. கூலி ஆட்கள் வருவார்கள், போவார்கள். பெயர் எழுதினால் யாராவது விட்டுப்போகலாம். இந்த வரியை யோசித்து எழுதியிருக்கிறார்.

அடுத்து பங்காளிகள். ஷேக்ஸ்பியருக்கு முப்பது ஷில்லிங் தங்கக் காசு ஒன்று. ஹென்றி காண்டெலுக்கு அதே போல் ஒன்று. தன்னிடம் முன்பு வேலை பார்த்த கிறிஸ்டோபர் பீஸ்டனுக்கும் முப்பது ஷில்லிங், ஆனால் அவரைப் பங்காளி என்று சொல்லாமல் பணியாள் என்கிறார். லாரன்ஸ் ஃப்ளெட்சர், ராபர்ட் ஆர்மின், ரிச்சர்ட் கௌலி, அலெக்சாண்டர் குக், நிக்கோலஸ் டூலி ஐவருக்கும் தலைக்கு இருபது ஷில்லிங்.

முப்பது ஷில்லிங் எவ்வளவு? ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. குளோப் அரங்கில் முற்றத்தில் நின்று பார்க்கக் கட்டணம் ஒரு பென்னி. ஆக, ஷேக்ஸ்பியருக்குப் போன காசு 360 பேர் நின்று பார்த்த வசூல். வசதியாக இருந்த ஷேக்ஸ்பியருக்கு அது பெரிய தொகையல்ல. அது கையில் வைத்துப் பார்க்க ஒரு தங்கக் காசு, நினைவுப் பொருள்.

இந்தப் பட்டியலில் ரிச்சர்ட் பர்பேஜ் எங்கே? குழுவின் முதன்மை நடிகர் அவர். கணக்கு வழக்குகளைக் கவனித்த ஜான் ஹெமிங்ஸ் எங்கே? அவர்களையும் வில்லியம் ஸ்லையையும் பிலிப்ஸ் வேறு இடத்தில் வைத்திருக்கிறார். உயில் சரியாக நிறைவேறுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு அந்த மூவருக்கும், குழுவில் இல்லாத இன்னொருவருக்கும். ஒவ்வொருவருக்கும் ஐந்து பவுண்டு மதிப்புள்ள வெள்ளிக் கிண்ணம். நண்பர்களுக்குக் காசு, குடும்பத்தை ஒப்படைக்கும் ஆட்களுக்குக் கிண்ணம்.

என் மனதைத் தொட்ட இடம் அதற்குப் பிறகு வருகிறது. பிலிப்ஸிடம் தொழில் கற்று முடித்த சாமுவேல் கில்பர்ன் என்ற இளைஞனுக்கு நாற்பது ஷில்லிங். கூடவே எலி நிற வெல்வெட் கால்சட்டை, வெள்ளை டாஃபெட்டா மேல்சட்டை, கறுப்பு டாஃபெட்டா உடை ஒன்று, ஊதா நிற மேலங்கி, வாள், குத்துவாள், வில் போட்டு வாசிக்கும் பெரிய வயல் வாத்தியம். இது பழைய துணி தானம் இல்லை. அன்றைய லண்டனில் ஒரு புது நாடகத்துக்கு எழுத்தாளர் வாங்கியது ஏறக்குறைய ஆறு பவுண்டு. வேறொரு குழுவின் நடிகர் ஒருவர் வேலைப்பாடு செய்த ஒரே ஒரு வெல்வெட் மேலங்கிக்கு இருபது பவுண்டுக்கு மேல் கொடுத்த கணக்கு இருக்கிறது. நல்ல உடையும் வாளும் ஒரு வாத்தியமும் கையில் இருந்தால் ஓர் இளம் நடிகன் கனவான் வேடம் கட்டலாம், சண்டைக் காட்சியில் நிற்கலாம், பாட்டுக்கும் உட்காரலாம். ஆசிரியர் மாணவனுக்குத் தொழிலையே மூட்டை கட்டிக் கொடுத்திருக்கிறார்.

அப்போது இன்னும் பயிற்சியில் இருந்த பையன் ஜேம்ஸ் சாண்ட்ஸ். அவனுக்கும் நாற்பது ஷில்லிங், கூடவே மூன்று நரம்பு வாத்தியங்கள்: சிட்டர்ன், பண்டோரா, லூட். ஆனால் ஒரு நிபந்தனை. பயிற்சி ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகே அவை அவன் கைக்குப் போக வேண்டும். ஆசிரியர் போய்விட்டார் என்று பையன் பாதியில் ஓடிவிடக் கூடாது.

இவ்வளவு கவனமாக எழுதியும் ஒன்று பிசகியது. பிலிப்ஸ் தன் மனைவி ஆனையே உயிலை நிறைவேற்றுபவராக வைத்தார். அவர் மறுமணம் செய்தால் பொறுப்பு ஹெமிங்ஸ் முதலியவர்களுக்குப் போகும் என்றும் எழுதினார். ஆன், ஜான் விட்டர் என்பவரை மணந்தார். 1607இல் பொறுப்பு ஹெமிங்ஸிடம் வந்தது. குளோப் பங்கை அவர் அந்தத் தம்பதிக்கே குத்தகைக்கு விட்டார். 1613 ஜூனில் குளோப் தீப்பிடித்து எரிந்தது. மறுபடி கட்டப் பங்குக்காரர்கள் ஆளுக்கொரு தொகை போட வேண்டியிருந்தது. விட்டர் கட்டவில்லை, பங்கு கைமாறியது. 1619இல் விட்டர், ஹெமிங்ஸ் மீதும் காண்டெல் மீதும் வழக்குப் போட்டார். விட்டர் மனைவியைக் கைவிட்டுவிட்டார் என்றும், ஆன் இறந்தபோது அடக்கச் செலவை ஹெமிங்ஸே ஏற்றார் என்றும் எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. வழக்கு தள்ளுபடியானது. எதிர்த்தரப்பு சொன்னது உண்மையென்றால், வெள்ளிக் கிண்ணம் வாங்கியவர் பதின்மூன்று ஆண்டு கழித்தும் அதற்குரிய வேலையைச் செய்திருக்கிறார். நான் அதை நம்புகிறேன். இதே ஹெமிங்ஸிடமும் காண்டெலிடமும் அலெக்சாண்டர் குக் 1614இல் இறக்கும்போது தன் பிள்ளைகளுக்கான பணத்தை ஒப்படைத்திருக்கிறார். குழுவில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்கக்கூடிய ஆட்களாக அவர்கள் இருந்தார்கள்.

பிலிப்ஸ் கொடுத்த தங்கக் காசை ஷேக்ஸ்பியர் வைத்திருந்தாரா, செலவழித்தாரா, எந்தத் தாளிலும் இல்லை. ஆனால் அவருடைய முறை வந்தபோது அவரும் அதையே செய்தார். 1616 மார்ச் 25ஆம் தேதியிட்ட அவருடைய உயிலில், எழுதி முடித்த வரிகளுக்கு நடுவே இடுக்கில் செருகப்பட்ட ஒரு வரி இருக்கிறது. என் பங்காளிகள் ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டெல் மூவருக்கும் மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ். இறந்தவர் நினைவாக நண்பர்கள் மோதிரம் அணிவது அன்றைய வழக்கம். முதலில் விட்டுப்போய்ப் பிறகு சேர்த்தாரா, எழுதியவர் பிரதி எடுக்கையில் விட்டாரா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். எப்படியோ, லண்டனை விட்டு ஊருக்குத் திரும்பிய பிறகும் குழுவில் மூன்று பேரை அவர் மறக்கவில்லை. அடுத்த மாதம் 23ஆம் தேதி இறந்தார்.

மோதிரம் பெற்ற மூவரில் பர்பேஜ் 1619இல் இறந்துவிட்டார். மற்ற இருவரும் 1623இல் ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்களைத் திரட்டி ஒரே நூலாகக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பாதி அதுவரை அச்சேறாதவை. அந்த நூல் இல்லையென்றால் 'மாக்பெத்' நமக்குக் கிடைத்திருக்காது. முன்னுரையில் அவர்கள் ஷேக்ஸ்பியரைக் குறிப்பிட்ட சொற்களில் ஒன்று 'ஃபெல்லோ'.

அந்த நூலின் முன்பக்கங்களில் நாடகங்களில் நடித்த 26 பேரின் பட்டியல் இருக்கிறது. முதல் பெயர் ஷேக்ஸ்பியர், இரண்டாவது பர்பேஜ், மூன்றாவது ஹெமிங்ஸ். நான்காவது அகஸ்டின் பிலிப்ஸ். அப்போது அவர் இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினான்காவது பெயர் சாமுவேல் கில்பர்ன், எலி நிற வெல்வெட் கால்சட்டையும் வாளும் பெற்ற அதே மாணவன்.