45 கிலோ என்றீர்களாமே, சார்

பத்தாம் வகுப்பு மாணவி, 800 மீட்டர் ஓடுகிறாள், எடை 48 கிலோ என்று வைத்துக்கொள்வோம். “45-க்கு வந்தா டைமிங் குறையும்” என்று கோச் சொன்ன நாளிலிருந்து காலை இட்லி தட்டிலேயே ஆறிப்போகிறது. மதிய டப்பா பாதியாகத் திரும்பி வருகிறது. அவள் அம்மா கோச்சுக்கு என்னவென்று எழுதுவது? கோபமாக எழுதினால் பிள்ளையை டீமிலிருந்து எடுத்துவிடுவாரோ என்ற பயம் வேறு. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினாலே போதும்:

“வணக்கம் சார். ரெண்டு மாசமா இவள் வெறும் வயிற்றோடு கிரவுண்டுக்கு வர்றாள். மூணு மாசமா மாதவிடாய் வரலை. முன்னங்கால் எலும்பில் ஒரே இடத்தில் விரல் வச்சு அழுத்தினா வலிக்குதுங்கிறாள். டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் ஓட வைக்காதீங்க. இனி எடை எவ்வளவு இருக்கணும்னு அவகிட்ட சொல்ல வேண்டாம், எல்லார் முன்னாலும் எடை பார்க்கவும் வேண்டாம்.”

இந்தக் கடிதத்தில் மிக முக்கியமான வரி மாதவிடாய் பற்றியதுதான். ‘கடுமையா பிராக்டிஸ் பண்ணினா அப்படித்தான்’ என்று மைதானத்தில் சொல்லிக் கடந்துபோவது பெரிய தவறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 48 கிலோவில் கொழுப்பைக் கழித்தால் சுமார் 38 கிலோ. அவள் நாளுக்கு 1,400 கலோரி சாப்பிட்டு, 400 கலோரியை ஓடிச் செலவழித்தால் மிச்சம் 1,000. அதாவது கிலோவுக்கு 26. இதயம், மூளை, எலும்பு, வளர்ச்சி எல்லாம் இதற்குள் நடந்தாக வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், 45 அளவில் இருப்பது நல்லது. 30-க்குக் கீழே பல நாள் போனால் உடல் செலவைச் சுருக்கத் தொடங்குகிறது. முதலில் நிறுத்திவைப்பது கருப்பையின் சுழற்சியை. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அதோடு எலும்பும் பலமிழக்கிறது. எலும்பு வேகமாக உறுதிப்படும் வயதும் இதுவே என்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. அழுத்தினால் வலிக்கும் அந்த இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கலாம்; தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கெய்ன் 17 வயதில், 2013 மாஸ்கோ உலகப் போட்டியில், 1,500 மீட்டர் இறுதிச்சுற்று வரை போனவர். எடையைக் குறைக்கச் சொல்லித் தொடர்ந்து நெருக்கியதில் மூன்று ஆண்டு மாதவிடாய் நின்றதையும், ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019-இல் வெளியே சொன்னார்.

நம் மாணவிக்கு நாளுக்கு 700 கலோரி கூட வேண்டும். ஓடப்போகுமுன் வாழைப்பழம், முடிந்ததும் வேர்க்கடலையும் பாலும், வீட்டுக்கு வந்ததும் தோசை என்று பிரித்துக் கொடுத்தால் அது பெரிய அளவே இல்லை. “சாப்பிடும்மா” என்று கோச் தன் வாயால் சொன்னால் பல பிள்ளைகள் சாப்பிட்டுவிடுவார்கள். அவர் சொல்லியும் தட்டைப் பார்த்தாலே பதறுகிறாள், சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுகிறாள் என்றால், மனநல மருத்துவரிடமும் உடனே அழைத்துப்போக வேண்டும்.