மூடிய கணக்குக்குப் போன பணம்

நண்பர் ஒருவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. கையிலிருந்து கட்டிய 62,400 ரூபாயைக் கேட்டு காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். ‘அனுமதிக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தியும் வந்தது. பத்து நாளாகியும் பணம் வரவில்லை.

பாலிசி எடுத்தபோது அவர் கொடுத்திருந்தது பழைய வேலையின் சம்பளக் கணக்கு. வேலை மாறியதும் அதை மூடிவிட்டார். மூடிய கணக்குக்கு அனுப்பிய பணம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். புதுக் கணக்கு பதிவாகும்வரை அது நிறுவனத்திடமேதான் இருக்கும்.

போன் போட்டு, “புது நம்பரைச் சொல்றேன், எழுதிக்குங்க” என்றார். மறுத்துவிட்டார்கள். அவருக்குக் கோபம், எனக்கென்னவோ அவர்கள் செய்தது சரியென்றே பட்டது. போனில் சொன்னாலே மாற்றலாம் என்றால், பாலிசி எண் தெரிந்த எவரும் பணத்தைத் தன் பக்கம் திருப்பிவிடலாமே!

அடுத்து, ‘வசதிக்காகக் கணக்கை மாற்றவும்’ என்று ஒரே வரியில் மின்னஞ்சல் எழுதி, குறுக்கே கோடிட்ட காசோலையின் படத்தை இணைத்தார். அதுவும் திரும்பியது. கணக்குத் தொடங்கிய அன்றே கையில் தரும் காசோலைப் புத்தகத்தில் பெரும்பாலும் பெயர் அச்சாகியிருக்காது. கணக்கு இவருடையதுதான் என்பதற்கு அந்தக் காசோலை எப்படிச் சாட்சியாகும்? ‘வசதிக்காக’ என்பதும் காரணமாக எடுபடவில்லை. சொல்லும் காரணத்துக்குக் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும்.

மூன்றாவது முறை, பதிவு செய்திருந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்தே இப்படி எழுதினார்:

“கிளெய்ம் எண் இன்னது. நான் கொடுத்திருந்த கணக்கு மார்ச் மாதம் மூடப்பட்டது. வங்கியின் கடிதம் இணைப்பில் உள்ளது. தொகையை என் பெயரிலுள்ள கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்பவும். பாஸ்புக்கின் முதல் பக்கமும் பான் அட்டை நகலும் இணைத்துள்ளேன். பாலிசியில் ‘எஸ். குமார்’ என்றும் வங்கியில் ‘குமார் சண்முகம்’ என்றும் இருப்பது ஒருவரையே குறிக்கும்.”

கடைசி வரிதான் முக்கியம். நம்மூர் இனிஷியல் பழக்கத்தால் பெயர் பொருந்தாமல் நிற்கும் கோப்புகள் ஏராளம். வங்கியின் முத்திரையிட்ட பாஸ்புக் பக்கத்தோடு, நிறுவனம் தந்த படிவத்திலும் கையெழுத்திட்டு அனுப்பினார். பணம் வந்துவிட்டது.

மகன் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். பணம் பாலிசிதாரரின் பெயருக்கே போகும். கணக்கு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபாருங்கள். நெஃப்ட் முறையில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே வரவு வைக்கப்படும். ஓர் இலக்கம் பிசகி, அது வேறொருவருடைய எண்ணாக அமைந்துவிட்டால் மீட்பது பெரும்பாடு.

கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதன்பின் ஒரு மாதம் கடந்தும் தீராவிட்டால், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை.