லெவல் 1 என்றால் 25 அல்ல

ஸ்காபரோவில் எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் தங்கச்சி ஒருத்தி, போன குளிர்காலத்தில் இரண்டு தாள்களோடு வந்து கதவைத் தட்டினாள். ஒன்று மகளின் தரம் 9 விஞ்ஞானச் செயற்றிட்டத்தின் ரூப்ரிக். மற்றது அந்த அலகுக்கான புள்ளி அறிக்கை.

“அண்ணை, ஒருக்கா இதைப் பாருங்கோ. பரீட்சையில 54 எடுத்திருக்கிறாள். செயற்றிட்டத்தில ரீச்சர் ஒரு இடத்திலயும் ஃபெயில் எண்டு போடேல்லை. ஆனா மொத்தம் 47 எண்டு வந்திருக்கு. இஞ்ச 50 எடுத்தால்தானே பாஸ்?”

ரூப்ரிக் தாளில் நான்கு வரிசைகள் இருந்தன: அறிவும் விளக்கமும், சிந்தனை, தொடர்பாடல், பிரயோகம். ஒவ்வொரு வரிசைக்கும் நான்கு கட்டங்கள். மஞ்சள் மார்க்கரால் ஆசிரியர் நிறந்தீட்டியிருந்தவை வரிசைப்படி லெவல் 1, 2, 1, 2. கீழே மூலையில் சிறிதாக 6/16 என்று எழுதியிருந்தது. பிழை அந்த மூலையில்தான் இருந்தது.

ஆறைப் பதினாறால் வகுத்தால் 37.5 சதவீதம். அந்த அலகில் பரீட்சைக்கு 60 பங்கு, செயற்றிட்டத்துக்கு 40 பங்கு. 54இன் 60 சதவீதம் 32.4. 37.5இன் 40 சதவீதம் 15. இரண்டையும் கூட்டினால் 47.4. கூட்டலிலும் பெருக்கலிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் லெவலை எண்ணென்று நினைத்து வகுத்திருக்கக் கூடாது.

ஒன்ராறியோவில் லெவல் என்பது சரியான விடைகளின் எண்ணிக்கை அல்ல, ஒரு விவரிப்பு. ஒரு திறனைப் பிள்ளை குறைந்த அளவில் காட்டினால் 1, ஓரளவு காட்டினால் 2, கணிசமாகக் காட்டினால் 3, மிக உயர்வாகக் காட்டினால் 4. இதற்குரிய சதவீதத்தையும் மாகாணக் கல்வி அமைச்சே வகுத்து வைத்திருக்கிறது. 2010இல் வெளிவந்த ‘குரோயிங் சக்சஸ்’ என்ற மதிப்பீட்டு ஆவணத்தின்படி, லெவல் 1 என்பது 50 முதல் 59 வரை. லெவல் 2 அறுபதுகள், லெவல் 3 எழுபதுகள், லெவல் 4 என்பது 80 முதல் 100 வரை. மாகாணம் எதிர்பார்க்கும் தரம் லெவல் 3. தேவையான அளவு கற்றதைக் காட்டாத வேலை 50க்குக் கீழே போகும், அதற்கு லெவல் எதுவும் இல்லை.

ஆகவே லெவல் 1 வாங்கிய பிள்ளை தடுமாறுகிற பிள்ளைதான், ஆனால் சித்தியடைந்த பிள்ளை. அதை நாலால் வகுத்து 25 என்று பதிந்தால், ஆசிரியர் தன் கையால் மஞ்சள் தீட்டிச் சொன்ன தீர்ப்பையே கணக்கு மாற்றிவிடுகிறது. இந்த ஏணியின் முதற்படி தரையில் இல்லை, 50இல் இருக்கிறது. வகுத்தலோ அதைத் தரையிலிருந்து அளக்கிறது.

இந்தப் பிழை நெடுநாள் கண்ணில் படாமல் கிடப்பதற்குக் காரணம் லெவல் 3. மூன்றை நாலால் வகுத்தால் 75. எழுபதுகளின் நடுவும் ஏறக்குறைய 75தான். வகுப்பில் அனேகம் பேர் லெவல் 3க்குப் பக்கத்தில் இருந்தால், விடை சரிபோலவே தோன்றும். கீழே உள்ள பிள்ளைகள் அநியாயமாக விழுவதும், லெவல் 4 எடுத்தவர்கள் எல்லாரும் ஒரேயடியாக 100 வாங்குவதும் ஓரங்களில்தான் நடக்கும்.

இன்னொரு பாதிப்பும் உண்டு. வகுத்துப் பார்க்கும்போது ஒரு லெவலுக்கும் அடுத்ததற்கும் இடையே 25 புள்ளி. செயற்றிட்டத்துக்கு 40 பங்கு என்றால், மொத்தத்தில் அது 10 புள்ளி. அமைச்சின் அளவில் லெவல் 1க்கும் 2க்கும் இடைவெளி 10 மட்டுமே, மொத்தத்தில் 4 புள்ளி. பரீட்சைதான் பெரிய பங்கு என்று பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, யார் மேலே யார் கீழே என்பதைச் செயற்றிட்டமே முடிவு செய்யும்படி ஆகிவிடுகிறது.

சரியான வழி இதுதான். முதலில் ஒவ்வொரு லெவலுக்கும் அதன் வீச்சுக்குள் ஒரு சதவீதத்தைத் தெரிவு செய்ய வேண்டும். நடு எண்ணை எடுத்தால் 55, 65, 75, 90. பிறகு ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே சதவீதமாக்கி, அவற்றின் சராசரியை எடுக்க வேண்டும். கடைசியாகத்தான் பரீட்சைப் புள்ளியோடு பங்கு போட்டுச் சேர்க்க வேண்டும். விரிதாளில் B2 கட்டத்தில் லெவல் இருந்தால், பக்கத்துக் கட்டத்தில் இதை எழுதினால் போதும்:

```
=CHOOSE(B2,55,65,75,90)
```

B2 வெறுமையாக இருந்தால் இது பிழை காட்டும். அது நல்லதுதான். பார்க்காமல் விட்ட ஒரு வரிசை, சத்தமில்லாமல் பூச்சியமாகி உள்ளே போகாது.

வரிசைகளின் சராசரியை முதலில் எடுத்து, அதன் பிறகு சதவீதமாக்கினால் என்ன என்று கேட்கலாம். லெவல் 4 மற்றவற்றைவிட அகலமானது என்பதால் விடை மாறும். ஒரு வரிசையில் 4, மற்றதில் 2 வாங்கிய பிள்ளையின் லெவல்களைச் சராசரி பார்த்தால் 3, அதாவது 75. தனித்தனியே மாற்றினால் 90உம் 65உம், சராசரி 77.5. அந்த 4க்குரிய உயர்வு முதல் வழியில் காணாமல் போகிறது.

அந்தப் பிள்ளையின் தாளுக்கு வருவோம். 1, 2, 1, 2 என்பது 55, 65, 55, 65. சராசரி 60. அதன் 40 சதவீதம் 24. பரீட்சையின் 32.4ஐச் சேர்த்தால் 56.4.

நடு எண் என்பது நாம் எடுத்த தெரிவுதானே, அதனால் அவள் தப்பினாளோ என்று ஐயம் வருவது நியாயம். அதையும் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு வரிசைக்கும் அந்த லெவலின் மிகக் குறைந்த எண்ணை, 50ஐயும் 60ஐயும் எடுத்தால் மொத்தம் 54.4. மிகக் கூடிய எண்ணை எடுத்தால் 58. எப்படிப் பார்த்தாலும் அவள் சித்தி. 56.4இல் உள்ள அந்தத் தசமத்தைத்தான் நம்பக் கூடாது. நான்கு பெட்டிகளில் ஒன்றைத் தெரிவு செய்த அளவீட்டுக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது. அதனால்தான் பல ஆசிரியர்கள் 3+, 3− என்று லெவலைப் பிரித்துப் போடுகிறார்கள்.

பரீட்சைப் பக்கத்திலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. மாகாணத் தரத்தை எட்டிய பிள்ளை எழுபதுகளில் வாங்கும்படி வினாத்தாள் அமைந்திருந்தால்தான் இரண்டையும் சேர்ப்பதில் பொருளுண்டு. எல்லாரும் 95 எடுக்கும் இலகுவான தாளையோ, கெட்டிக்காரப் பிள்ளையே 60இல் நிற்கும் கடினமான தாளையோ எந்த மாற்று அட்டவணையாலும் சரிக்கட்ட முடியாது.

எந்த வகுப்பின் புள்ளிப் பதிவிலும் இந்தப் பிழை இருக்கிறதா என்று அறிய ஒரு நிமிடம் போதும். எல்லா வரிசையிலும் லெவல் 1 வாங்கிய கற்பனை மாணவன் ஒருவனைப் பதிந்து பார்க்க வேண்டும். ஐம்பதுகளில் ஓர் எண் வந்தால் சரி. 25 வந்தால் உள்ளே வகுத்தல் நடக்கிறது.

தங்கச்சி இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொண்டுபோனாள். மென்பொருளில் அந்தச் செயற்றிட்டத்தை 16 புள்ளிக்கு என்று பதிந்திருந்தது தெரியவந்தது. ஆசிரியர் அன்று மாலையே வகுப்பு முழுவதற்கும் மாற்றிவிட்டார். மகளுக்கு 56. அதே வகுப்பில் எல்லா வரிசையிலும் லெவல் 4உம் பரீட்சையில் 92உம் எடுத்திருந்த இன்னொரு பிள்ளைக்கு, 95ஆக இருந்தது 91 ஆனது. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் தானே தொலைபேசி எடுத்து விளக்கினாராம்.