இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றியும் போகாத மலம்

நெசவு வேலை பார்க்கும் இளைஞர் அவர். வயது முப்பத்தொன்று. சர்க்கரைக்கு மருந்து வாங்க வந்தவரின் இடுப்பில் பெல்ட் புதிதாகப் போட்ட ஓட்டையில் நின்றது. ஒரே வருடத்தில் பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தார். "நல்லாத்தான் சாப்பிடறேன் டாக்டர், உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்றார். சர்க்கரை கூடியதால் இளைத்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சர்க்கரை அளவு அவ்வளவு மோசமாக இல்லை. வெளிக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். அவர் தலை குனிந்தார். கூட வந்திருந்த அம்மாதான் சொன்னார்: "ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குதுங்க. வெளுப்பா, களிமண் மாதிரி. நாத்தம் வீட்டுக்குள்ள நிக்க முடியல. தண்ணி மேல எண்ணெய் மிதக்குது."

அந்தக் கடைசி வாக்கியம் போதும். ரசத்தின் மேல் தாளித்த எண்ணெய் வட்டம் வட்டமாக நிற்குமே, அப்படி மலத்தைச் சுற்றித் தண்ணீரில் எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றால், சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமலே வெளியே வருகிறது என்று பொருள். மலம் மிதப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். பயறும் கிழங்கும் சாப்பிட்டு வாயு சேர்ந்தாலும் மலம் மிதக்கும். 1972-லேயே ஆய்வில் தெரிந்தது இது: மிதக்க வைப்பது பெரும்பாலும் உள்ளே சிக்கிய வாயுதான். வெளுப்பு, பிசுபிசுப்பு, கடும் நாற்றம், எடை குறைவு எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் நீடிப்பதுதான் நோயின் அடையாளம்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் உடம்பு அதற்கென்று தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. ஈரலிலிருந்து வரும் பித்தநீர் எண்ணெயைச் சிறு துளிகளாக உடைக்கிறது. கணையம் சுரக்கும் லைபேஸ் என்ற நொதி அந்தத் துளிகளை வெட்டுகிறது. வெட்டியதைச் சிறுகுடலின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. கணையத்தில் கையிருப்பு ஏராளம். நொதிச் சுரப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அழிந்த பிறகுதான் மலத்தில் எண்ணெய் தெரியத் தொடங்கும். எண்ணெய் கண்ணில் படும்போது நோய் புதிதல்ல, பல வருடம் பழையது.

இவருக்கும் அப்படித்தான். பள்ளிப் பருவத்திலிருந்தே மேல்வயிற்றில் வலி வந்து முதுகுவரை குத்துமாம். குப்புறச் சுருண்டு படுத்தால்தான் கொஞ்சம் அடங்குமாம். "வாயுப் பிடிப்புன்னு விட்டுட்டோம்" என்றார் அம்மா. குடி, சிகரெட் எதுவும் இல்லை. சாதாரண எக்ஸ்ரேயிலேயே முதுகெலும்பின் இருபுறமும் கணையம் முழுக்கக் கற்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மது தொடாத இளவயதினருக்கு வரும் இந்தக் கணையக்கல் நோய் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்ததுதான். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இத்தகைய நோயாளிகளை நூற்றுக்கணக்கில் பார்த்துப் பதிவு செய்தார். வலி சிறுவயதில், சர்க்கரை இளவயதில் என்பதே இதன் வழக்கமான வரிசை.

மலத்தில் எலாஸ்டேஸ் என்ற நொதியை அளந்தோம். 200-க்கு மேல் இருக்க வேண்டியது 38 இருந்தது. மலம் தண்ணீராகப் போகும் நாளில் இந்தச் சோதனை பொய்யாகக் குறைத்துக் காட்டும். சற்றுக் கெட்டியான மலத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

அவர் ஏற்கெனவே நொதி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். பலன் இல்லை. எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். "சாப்பிட்டு கை கழுவிட்டு ஒண்ணு போடுவேன்." தவறு அங்கேதான். வயிற்றில் சோறோடு கலந்தால்தான் இந்த நொதி வேலை செய்யும். 25,000 யூனிட் மாத்திரை வேளைக்கு இரண்டாக்கி, முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்று மாற்றினோம். பயந்துபோய் அவர் நிறுத்தியிருந்த எண்ணெயையும் தேங்காயையும் மறுபடி சேர்க்கச் சொன்னோம். கொழுப்பை ஒதுக்கினால் மலம் சரியானது போலத் தெரியும், ஆள்தான் இன்னும் இளைப்பார். கொழுப்போடு சேர்ந்தே உடம்புக்குள் போகும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் கொடுத்தோம். இவை குறைந்தால் மாலைக்கண், எலும்பு வலி, இரத்தக் கசிவு வரும்.

மூன்று மாதத்தில் ஐந்து கிலோ ஏறினார். கூடவே சர்க்கரையும் ஏறியது. சாப்பாடு இப்போதுதான் உடம்பில் சேர்கிறது, ஆகவே இன்சுலினைக் கூட்ட வேண்டியிருந்தது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி மாத்திரையின் மேல் பழிபோட்டு நிறுத்திவிடுவார்.

எல்லோருக்கும் கோளாறு கணையத்தில்தான் என்றில்லை. கோதுமை ஒவ்வாமல் குடலின் சுவர் தேய்ந்துபோகும் சீலியாக் நோயில் நொதி இருந்தும் உறிஞ்ச இடம் இருக்காது. அங்கே வலியைவிட வயிற்று உப்புசமும், இரும்பு மாத்திரைக்கு அசையாத இரத்தசோகையும் முன்னே நிற்கும். அதை இரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சதைத் துணுக்கும் உறுதி செய்யும். நொதி மாத்திரை அதற்கு மருந்தல்ல.

எண்ணெய் மிதந்து எடையும் குறைந்தால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், முடிந்தால் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். மலம் வெளுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் பித்தக்குழாய் அடைத்திருக்கலாம். கணையத் தலையில் வரும் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். அப்போது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.