5-ம் வகுப்பில் 82 மார்க். 6-ம் வகுப்பில் 38! பள்ளி மாறியதும் பையன் சறுக்கியது ஏன்?

வட சென்னையில் பூ வியாபாரம் செய்யும் ஒரு தாய். அவருடைய மகன் தெருக்கோடியில் உள்ள தொடக்கப் பள்ளியில் படித்தான். 5-ம் வகுப்பில் கணக்கில் 82 மார்க். ஜூன் மாதம் பெரிய பள்ளிக்கூடத்தில் 6-ம் வகுப்பில் சேர்ந்தான். காலாண்டுப் பரீட்சையில் அதே கணக்கில் 38!

"பயலுக்குச் சேர்க்கை சரியில்லை" என்றார் தந்தை. அடியும் விழுந்தது. தாய்க்கு மனசு கேட்கவில்லை. விடைத்தாளை எடுத்துக்கொண்டு பழைய டீச்சரிடம் ஓடினார்.

பாதியில் நின்ற கணக்கு

டீச்சர் தாளைப் புரட்டினார். போட்டு முடித்த கணக்குகள் எல்லாம் சரி. ஆனால் பல கணக்குகள் பாதியில் நின்றன. கடைசிப் பக்கம் காலி!

"478 ரூபாயை 6 பேருக்குப் பிரிச்சா?" என்று வாயால் கேட்டார் டீச்சர்.

"ஆளுக்கு 79, மீதி 4 ரூபா டீச்சர்!"

"ஏம்மா, இவனுக்குக் கணக்கு வராம இல்லை. எழுதத்தான் நேரமாகுது. அது எனக்குத் தெரியும். அங்கே யாருக்குத் தெரியும்?" என்றார் டீச்சர்.

விஷயம் இதுதான். தொடக்கப் பள்ளியில் நாள் முழுக்க ஒரே டீச்சர். கணக்கு முடியாவிட்டால் தமிழ் நேரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். பெரிய பள்ளியில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர். மணி அடித்தால் கரும்பலகையை அழித்துவிட்டு அடுத்தவர் வந்துவிடுவார். டி.சி.யில் பிறந்த தேதி இருக்கிறது. "இவன் மெதுவாக எழுதுவான்" என்று எழுத அதில் இடம் ஏது?

இங்கிலாந்திலும் இதே கதை

இங்கிலாந்தில் 11 வயதில் பள்ளி மாறுகிறார்கள். பேராசிரியர் மாரிஸ் கால்ட்டன் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், மாறிய அடுத்த ஆண்டில் 5-ல் 2 பேர் வரை எதிர்பார்த்த அளவு முன்னேறவில்லை என்று தெரிந்தது. அங்கே இன்னொரு கோளாறு: குழந்தைக்கு என்ன தெரியும் என்று பார்க்காமல் பழைய பாடத்தையே மறுபடி நடத்தினார்கள். பிள்ளைகளுக்குச் சலித்துப்போனது.

இதற்காக அங்கே "பாலப் பாடம்" கொண்டு வந்தார்கள். பழைய பள்ளியில் கடைசி வாரங்களில் ஒரு வேலையைத் தொடங்கி, நோட்டோடு போய் புதுப் பள்ளியில் முடிக்க வேண்டும். யோசனை நல்லதுதான். ஆனால் ஒரு பள்ளிக்குப் பல பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். சிலர் நோட்டோடு வருவார்கள், சிலர் வெறுங்கையோடு! ஆசிரியர் அதைத் தொடராமல் விட்டுவிட்டால் பாலம் பாதியில் நின்றது.

அரைப் பக்கக் கடிதம்

நம்ம டீச்சர் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார்: "வாயால் கேட்டால் சரியாகச் சொல்வான். பத்து கணக்குக்குப் பதில் ஐந்து கொடுங்கள். முடித்ததும் ஒன்று ஒன்றாகக் கூட்டுங்கள்."

கணக்கு வாத்தியார் அப்படியே செய்தார். அரையாண்டுப் பரீட்சையில் பையனுக்கு 61.

அறிவியலில் மட்டும் இன்னும் 40-ஐத் தாண்டவில்லை. அந்தக் கடிதத்தை அறிவியல் ஆசிரியரிடம் யாரும் காட்டவில்லையாம்! "நாளைக்கே கொண்டு போய்க் காட்டிடறேன்" என்கிறார் தாய்.