ஒலிபரப்பு தொடங்கியாகிவிட்டது, மாதச் செலவுக்கு என்ன வழி?

2024 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த சமுதாய வானொலி மாநாட்டில், அன்றைய மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் அனுராக் தாக்கூர் புதிய விதிமுறைகளை வெளியிட்டார். அதுவரை ஒரு மணி நேரத்துக்கு 7 நிமிடம் மட்டுமே விளம்பரம் போடலாம் என்றிருந்தது 12 நிமிடமாக உயர்ந்தது. அரசு விளம்பரத்துக்கான கட்டணமும் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாய் ஆனது. நாட்டின் முதல் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரியில் அதே வளாகத்திலிருந்துதான் பேசத் தொடங்கியது. இருபது ஆண்டுகளாகப் பணத்துக்குத் திண்டாடிய சிறு நிலையங்களுக்கு இந்த அறிவிப்பு பெரிய ஆறுதலாக இருந்தது.

காகிதத்தில் கணக்குப் போட்டால் அந்த மகிழ்ச்சி நியாயமானதுதான். நாளுக்கு 8 மணி நேரம் ஒலிபரப்பும் ஒரு நிலையம், அனுமதிக்கப்பட்ட 12 நிமிடத்தையும் அரசு விளம்பரத்தாலேயே நிரப்பினால் ஒரு நாளில் 42,000 ரூபாய்க்கு மேல் வரும். மாதத்துக்குப் பன்னிரண்டரை லட்சத்தைத் தாண்டும். ஆனால் கிராமத்துச் சமுதாய வானொலி ஒன்றின் வரவு செலவு நோட்டில் இப்படியொரு தொகையைப் பார்க்க முடியாது. விளம்பர நேரத்துக்கான உச்சவரம்பு எப்போதுமே சிக்கலாக இருந்ததில்லை. அந்த நேரத்தை நிரப்ப விளம்பரம் வராததுதான் சிக்கல்.

தமிழ்நாட்டின் ஒரு கடலோரக் கிராமத்தில் தொண்டு நிறுவனம் ஒன்று நிலையம் தொடங்குவதாக வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் மாதிரிக்காகத்தான். ஊருக்கு ஊர் அவை மாறும், விகிதம் அவ்வளவாக மாறாது.

முதல் செலவு கருவிகள். சமுதாய வானொலியின் ஒலிபரப்புத் திறன் 100 வாட்டுக்குள் இருக்க வேண்டும், ஆண்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அதனால் பெரும்பாலானோர் 50 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கி, ஆண்டெனாவின் உதவியால் அனுமதித்த அளவை எட்டுகிறார்கள். சமவெளியாக இருந்தால் 10 முதல் 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குத் தெளிவாகக் கேட்கும். டிரான்ஸ்மிட்டர், கோபுரம், ஆண்டெனா, கேபிள், மிக்ஸர், மைக்குகள், இரண்டு கணினி, யூபிஎஸ், சுவர்களில் ஒலி எதிரொலிக்காமல் இருக்க ஒட்டும் அட்டைகள் என எல்லாம் சேர்ந்து 12 லட்சம் ரூபாய் என்று வைப்போம்.

இந்தத் தொகை மலைப்பாகத் தெரிந்தாலும் மொத்தச் செலவில் ஓரளவு எளிதாகத் திரட்டக்கூடியது இதுதான். மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கிறது, நன்கொடையாளர்களும் இருக்கிறார்கள். கோபுரத்தில் தங்கள் பெயரைப் பொறிக்க விரும்புகிறவர்கள் பலர் உண்டு. கரண்ட் பில்லில் பெயர் போடச் சொல்லி யாரும் வருவதில்லை.

கருவிகளை வாங்கிய அன்றே இன்னொரு செலவு தொடங்கிவிடுகிறது, அதைப் பலரும் எழுதி வைப்பதில்லை. 2016இல் பாம்பனில் மீனவர்களுக்காகத் தொடங்கிய கடல் ஓசை போன்ற கடற்கரை நிலையங்களுக்கு உப்புக் காற்றின் தொல்லை ஓயாது. கோபுரம் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும், பெயின்ட் அடித்துவிடலாம். ஆண்டெனாவையும் கேபிளையும் இணைக்கும் கனெக்டருக்குள் ஈரம் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. அப்போது டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் சக்தியில் ஒரு பகுதி வானுக்குப் போகாமல் கேபிள் வழியாகத் திரும்பி வரும். டிரான்ஸ்மிட்டரின் முகப்பில் இதற்கென்றே இரண்டு அளவுகள் காட்டப்படும். வெளியே போவது ‘ஃபார்வர்ட்’, திரும்பி வருவது ‘ரிஃப்ளெக்டட்’. நல்ல நிலையில் திரும்பி வருவது ஓரிரு வாட்டைத் தாண்டாது. அது நாளுக்கு நாள் ஏறினால் கனெக்டரையோ கேபிளையோ கவனிக்க வேண்டும் என்று பொருள். கவனிக்காமல் விட்டால் கருவி தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்து ஊர் நேயர்கள் ‘இப்பல்லாம் உங்க ரேடியோ இரையுதே’ என்று போனில் சொல்வார்கள். அப்படியும் விட்டால் ஒருநாள் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோகும்.

தினமும் காலையில் அந்த இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் எழுதுவதற்குச் செலவே இல்லை. மழைக்கு முன் ஆளை ஏற்றி கனெக்டரைப் பிரித்துத் துடைத்து, நீர் புகாத டேப் சுற்றச் சில ஆயிரம் ஆகும். புது ஆம்ப்ளிஃபயர் பல ஆயிரங்களை விழுங்கும், அது வந்து சேரும்வரை நிலையம் மௌனமாகக் கிடக்கும். ஆகவே பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். பத்தாண்டில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும் என்று கொண்டால், 12 லட்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் தனியே சேர்ந்துகொண்டிருக்க வேண்டும். இந்த இரண்டாவது வரி இல்லாத பட்ஜெட்டுகள்தான் ஏழெட்டு ஆண்டில் நின்றுபோகின்றன.

அடுத்தது மின்சாரம். வானொலி என்றதும் டிரான்ஸ்மிட்டர்தான் மின்சாரத்தைக் குடிக்கும் என்று தோன்றும். உண்மையில் 50 வாட் டிரான்ஸ்மிட்டர் இழுப்பது 150 வாட் அளவில்தான். 8 மணி நேரத்துக்கு ஒன்றேகால் யூனிட்கூட ஆகாது. கணினி, மிக்ஸர், விளக்கு எல்லாம் சேர்ந்து இன்னும் இரண்டரை யூனிட். பெரிய செலவு ஏ.சி.க்குத்தான். ஒலிப்பதிவு அறையில் ஜன்னல் திறக்க முடியாது, தெருச் சத்தம் வந்துவிடும். மின்விசிறி போட முடியாது, அதன் இரைச்சல் மைக்கில் விழும். மூடிய அறையில் இரண்டு பேர் அரை மணி நேரம் பேசினாலே வியர்த்துக் கொட்டும். எனவே ஏ.சி. ஒன்றே நாளுக்கு 8 யூனிட் இழுத்துவிடும். ஆக நாளுக்கு 12 யூனிட், மாதத்துக்கு 360. யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்து, நிலைக்கட்டணத்தையும் சேர்த்தால் மாதம் 4,000 ரூபாய்.

டிரான்ஸ்மிட்டரை ஒலிப்பதிவு அறைக்குள் வைக்காமல், காற்றோட்டமுள்ள தனி அறையில் எக்ஸாஸ்ட் விசிறியோடு வைத்தால் அதன் சூட்டையும் ஏ.சி. சுமக்க வேண்டியதில்லை. நேர்காணல்களை வெயில் ஏறுமுன் பதிவுசெய்தால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும். நல்ல எர்த், ஸ்டெபிலைசர், இடிதாங்கி இவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இனி ஆட்கள். பட்ஜெட்டில் மிகவும் தவறாக எழுதப்படும் இடம் இதுதான். ‘தன்னார்வலர்கள்’ என்று தலைப்புப் போட்டு எதிரே பூஜ்யம் எழுதிவிடுகிறார்கள்.

தன்னார்வலர் சம்பளம் வாங்காதவர், அவ்வளவுதான். பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள குப்பத்திலிருந்து நிகழ்ச்சி செய்ய வரும் பெண்ணுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நாள் முழுதும் இருந்தால் சாப்பாடு வேண்டும். ஊரில் போய்ப் பேட்டி எடுத்து, அதைத் தன் செல்போனிலிருந்து அனுப்பினால் டேட்டா அவருடையது. கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் அன்றைய கூலியும் போனதுதான். அதை எந்த நிலையமும் ஈடுகட்டுவதில்லை, குறைந்தது கைக்காசு செலவாகாமலாவது பார்த்துக்கொள்ள வேண்டும். 12 பேர், வாரம் இரண்டு நாள், ஒரு வருகைக்குப் பயணமும் சாப்பாடும் 150 ரூபாய் என்றால் மாதம் 14,400. ஆளுக்கு 300 ரூபாய் ரீசார்ஜ் 3,600. மொத்தம் 18,000 ரூபாய்.

கண்ணில் படாத செலவு ஒன்று இன்னும் இருக்கிறது. மைக் முன் பேசவும், கணினியில் வெட்டி ஒட்டவும் ஒருவர் நன்றாகக் கற்றுக்கொள்ள ஆறு மாதமாவது பிடிக்கும். கற்றுக்கொண்ட இளைஞருக்குத் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை கிடைக்கிறது. பெண்ணுக்குத் திருமணமாகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. புதியவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி தர மாதம் 3,000 ரூபாய் வேண்டும். இதோடு நிலைய ஒருங்கிணைப்பாளர், தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர், நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஆகிய மூவர் சம்பளத்தில் இருந்தே ஆக வேண்டும். மிகக் குறைவாகக் கொடுத்தாலும் மூவருக்கும் 44,000 ரூபாய்.

இணையத்துக்கும் தொலைபேசிக்கும் 2,000 சேர்த்தால் மாதச் செலவு 84,000 ரூபாய். அதில் மின்சாரம் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. முக்கால் பங்குக்கு மேல் மனிதர்களுக்கானது. சினிமாப் பாட்டு போட உரிமைத் தொகை, ஆண்டுதோறும் அரசுக்குக் கட்டும் அலைவரிசைக் கட்டணம் ஆகியவை தனி. அந்தக் கட்டணம் ஒரு சிறு நிலையத்தை எப்படி ஆட்டிப் பார்க்கும் என்பதற்கு 2012இல் நடந்தது சான்று. 19,700 ரூபாயாக இருந்ததை 91,000 ஆக்கப் போவதாக அறிவித்தார்கள். கடும் எதிர்ப்புக்குப் பிறகே அது கைவிடப்பட்டது.

வருமானம் எங்கிருந்து? உள்ளூர்க் கடைகளும் உள்ளூர்ச் சேவைகளும் விளம்பரம் தரலாம். ஜவுளிக்கடைக்காரர் விநாடிக் கணக்கு பார்க்க மாட்டார். ‘மாசம் ஆயிரம் தரேன், தினம் நாலு தடவை சொல்லுங்க’ என்பார். அப்படி 15 கடை கிடைத்தால் 15,000. திருவிழா, திருமண வாழ்த்து என்று இன்னொரு 5,000. ஆக 20,000 ரூபாய்.

மீதிக்கு அரசு விளம்பரம்தான். 30 விநாடி விளம்பரத்துக்கு 222 ரூபாய். நாளுக்குப் பத்து முறை, பத்து நாள் என்றால் 22,200. ஒரே மாதத்தில் இப்படி இரண்டு வந்தால் 44,400. அந்த நல்ல மாதத்திலும் மொத்த வரவு 64,400, பற்றாக்குறை 19,600 ரூபாய். விளம்பரமே வராத மாதத்தில் 64,000 ரூபாய் துண்டு விழும். ஒலிபரப்பிய விளம்பரத்துக்கும் பணம் உடனே கைக்கு வராது. எந்த நாளில் எத்தனை மணிக்கு ஒலித்தது என்று சான்றளித்து, பில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். சம்பளமும் பஸ் செலவும் அதுவரை காத்திருக்குமா?

கல்லூரி நடத்தும் நிலையங்கள் இதனால்தான் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. அறை, மின்சாரம், சம்பளம் ஆகியவற்றைக் கல்லூரியே சுமந்துகொள்கிறது, மாணவர்களே தன்னார்வலர்கள். மக்கள் அமைப்புகளுக்கு அந்த வசதி இல்லை. தெலங்கானாவின் ஜஹீராபாத் அருகே தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008 அக்டோபர் 15 அன்று ஒலிக்கத் தொடங்கியது. தாய் அமைப்பான டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி துணைநின்றதும், கிராமப் பெண்கள் சங்கங்கள் அதைத் தங்கள் சொத்தாகவே கருதியதும் அதன் பலம். கருவிகள் மட்டும் அந்தப் பலத்தைத் தந்திருக்காது.

நிலையம் தொடங்க விண்ணப்பிக்கும் அமைப்புகள், டிரான்ஸ்மிட்டருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஆறு மாத நடப்புச் செலவைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். இந்த மாதிரிக் கணக்குப்படி அது 5,04,000 ரூபாய். மானியம் தரும் அரசும் நன்கொடையாளர்களும் கருவிக்கு மட்டும் கொடுக்காமல், முதல் இரண்டு ஆண்டுகளின் ஆள் செலவிலும் பங்கேற்க வேண்டும். அரசு விளம்பரத்துக்கான பணம் இத்தனை நாளுக்குள் வந்து சேரும் என்று கெடு வைப்பது, கட்டணத்தை 74 ரூபாயாக உயர்த்தியதைவிட அதிக நிலையங்களைக் காப்பாற்றும்.